கடைசி நாள் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

"பல வருடங்களாக வேலை பார்த்த நிறுவனத்தில் வரும் வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். குழுவோடு ஒரு படம் எடுத்துப் பதிவிட்டு, கீழே நாலு வரி எழுதி விடைபெற நினைக்கிறேன். எழுதிப் பார்த்தால் எல்லோரும் எழுதுவது போலவே வருகிறது. யார் பெயரைப் போடுவது, யாரை விடுவது என்றும் புரியவில்லை. எப்படி எழுதலாம்?"

உங்கள் உணர்ச்சியைப் பற்றி எழுதாதீர்கள். படத்தில் இருப்பவர்கள் செய்த ஒரு செயலைப் பற்றி எழுதுங்கள். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நான் பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் உள்சுற்று இதழைக் கவனித்துக்கொண்டவன். பணி ஓய்வு பெறுபவர்களும் வேறு வேலைக்குப் போகிறவர்களும் எழுதிய விடைபெறும் குறிப்புகள் அச்சுக்குப் போகும் முன் என் மேசைக்குத்தான் வரும். இப்போது அவற்றின் இடத்தைப் படமும் அதன் கீழே உள்ள வரிகளும் பிடித்துக்கொண்டன. எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் மட்டும் மாறவில்லை. மனதில் நிறைய இருக்கும். உட்கார்ந்ததும் கையில் வருவது 'கனத்த இதயத்துடன்' என்ற இரண்டு சொற்கள்தான்.

ஏன் அப்படி வருகிறது என்றால், பிரிவு என்றதும் நாம் முதலில் பார்ப்பது நமக்குள் இருப்பதை. வருத்தம், நன்றி, கொஞ்சம் பயம், கொஞ்சம் நிம்மதி எல்லாம் அங்கே கலந்து கிடக்கும். வேலையை விட்டுப் போகிற எல்லோருக்குள்ளும் ஏறக்குறைய இதே கலவைதான் இருக்கும். அதை எழுதினால் எல்லோருடைய குறிப்பும் ஒன்றாகத்தான் தெரியும். வேறுபடுவது நீங்கள் பார்த்த மனிதர்கள், அவர்கள் வேலை செய்த விதம், உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே நடந்த காரியங்கள். எழுத வேண்டியது அவற்றைத்தான்.

கணக்குப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு விலகிய ஒரு பெண்மணி என்னிடம் காட்டிய முதல் வரைவு இது:

"கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன். பதினான்கு ஆண்டுகால இனிய பயணம் இன்றுடன் நிறைவடைகிறது. இது எனக்கு வெறும் பணியிடம் அல்ல, ஒரு குடும்பம். என்னைச் செதுக்கிய மேலதிகாரிகளுக்கும் தோள்கொடுத்த சக ஊழியர்களுக்கும் மனமார்ந்த நன்றி. மறக்க முடியாத நினைவுகளைச் சுமந்துகொண்டு அடுத்த கட்டத்தை நோக்கிச் செல்கிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் உணர்ந்தார். ஆனால் இந்த வரிகளை எடுத்து ஒரு மருத்துவமனைச் செவிலியர் படத்துக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும், ஒரு பள்ளி ஆசிரியர் படத்துக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். 'பதினான்கு' என்ற எண்ணை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் வரைவையும் இப்படி வேறொருவர் படத்துக்குக் கீழே மனதில் வைத்துப் பாருங்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டால் அதில் உங்கள் அலுவலகம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

அவரிடம் நான் நன்றியைப் பற்றிக் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் நாள் எப்படிப் போகும், காலையிலிருந்து சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லத் தொடங்கியதும் பேச்சே மாறிவிட்டது. முதலில் கிடங்கிலிருந்து ரசீதுக் கட்டு வரவேண்டும். அது வந்த பிறகுதான் பதிவுகளைச் சரிபார்க்க முடியும். பிறகு வங்கிக் கணக்கு அறிக்கையையும் நம் பேரேட்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் பெரும்பாலும் முதல் தடவையில் ஒத்துப்போகாது. வித்தியாசம் எங்கே என்று தேடுவதில்தான் இரவு போகும்.

அப்போது அவர் தற்செயலாகச் சொன்ன ஒரு விஷயம் இது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒப்பிட்டுப் பார்த்ததில் 360 வித்தியாசம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிவாகத் தேடிக்கொண்டிருந்தவரிடம், பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "9-ஆல் வகுத்துப் பாரும்மா, மீதியில்லாமல் வகுபட்டால் ஏதோ ஓர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும்" என்றாராம். 360 வகுபட்டது. கடைசியில் 5,840 என்பதை யாரோ 5,480 என்று பதிந்திருந்தது அகப்பட்டது.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது பழைய பாடம். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். இதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி முடிவுக்கு வரமுடியாது. 560 என்பதற்குப் பதில் 56 என்று ஒரு சுழியை விட்டுவிட்டாலும் வித்தியாசம் 504, அதுவும் 9-ஆல் வகுபடும். ஆனாலும் எங்கே தேடத் தொடங்குவது என்று அது வழிகாட்டும். 'என்னைச் செதுக்கிய மேலதிகாரிகள்' என்று அவர் எழுதியபோது மனதில் இருந்தது இந்த இரவுதான். அதை எழுதாமல், அதன் மேல் ஒட்டிய பொதுச்சொல்லை எழுதிவிட்டார்.

நீங்களும் இப்படியே தொடங்கலாம். நன்றி சொல்லும் வரியோடு உட்காராதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் வேலையில் மிகக் கடினமான நாள் எது என்று எழுதுங்கள். மாதக் கடைசியோ, திட்டத்தை ஒப்படைக்கும் நாளோ, இயந்திரம் நின்றுபோன இரவோ, எதுவானாலும் சரி. அந்த நாளில் முதல் மணியிலிருந்து கடைசி வரை யார் யார் வந்தார்கள், யாரிடம் எதைக் கேட்டீர்கள், யார் கேட்காமலே எதைச் செய்தார்கள் என்று நடந்த வரிசையில் குறியுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. நினைவு வறண்டுபோனால் குழுவின் வாட்ஸ்அப் உரையாடலில் பின்னோக்கிப் போங்கள். நாட்காட்டியில் பழைய கூட்டங்களைப் புரட்டுங்கள். இதைக் கடைசி நாளுக்கு வைக்காமல் வாரத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். பல இடங்களில் அலுவலகக் கணக்குகளைக் கடைசி நாள் மாலையே மூடிவிடுவார்கள். அப்புறம் எதையும் தேடிப் பார்க்க முடியாது.

குறித்த பிறகு அதிலிருந்து மூன்றே மூன்று செயல்களைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, அதைப் படித்ததும் சம்பந்தப்பட்டவர் "இது நான்தான்" என்று உடனே கண்டுகொள்ள வேண்டும். இரண்டு, அந்த அலுவலகத்தை அறியாத உங்கள் அக்காவோ பள்ளித் தோழரோ படித்தாலும் என்ன நடந்தது என்று விளங்க வேண்டும். குழுவுக்குள் மட்டும் சிரித்துக்கொள்ளும் குறிப்புச்சொற்கள் முதல் சோதனையில் தேறும், இரண்டாவதில் தோற்றுப்போகும். 'ஒத்துழைப்பு', 'அர்ப்பணிப்பு' போன்றவை இரண்டாவதில் தேறும், முதலாவதில் தோற்கும். 9-ஆல் வகுக்கும் கதை இரண்டிலும் தேறியது.

கடைசியில் அந்தப் பெண்மணி பதிவிட்டது இதுதான்:

"இன்று மாலையோடு கணக்குப் பிரிவில் என் பதினான்கு ஆண்டு வேலை முடிந்தது.

வித்தியாசம் வந்தால் முதலில் 9-ஆல் வகுத்துப் பார் என்று நான் சேர்ந்த மாதமே சொல்லித் தந்தவர், படத்தில் இடமிருந்து இரண்டாவதாக நிற்கிறார். அதற்குப் பிறகு வந்த மாதக் கடைசிகளை எல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் தொடங்கினேன். கணக்கு முடியும்வரை தானும் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு உட்கார்ந்திருந்த மேலாளர் வலது ஓரத்தில் இருக்கிறார். ஒவ்வொரு 28-ஆம் தேதியும் கேட்பதற்கு முன்பே ரசீதுக் கட்டைக் கொண்டுவந்து வைத்த கிடங்கு அண்ணன் படத்தில் இல்லை. நாங்கள் படம் எடுத்தபோதும் அவர் கிடங்கில் வேலையாகத்தான் இருந்தார்.

என் மேசைக்கு வந்திருப்பவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். 9-ஐப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். என் கைபேசி எண் மாறவில்லை."

இதில் 'நன்றி' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஒருவர் செய்ததை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்து ஊரறியச் சொல்லும்போது நன்றி அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிடங்கு அண்ணனைப் பற்றிய வரி. படத்தில் இல்லாதவரைப் படத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். குழுப்படம் எடுக்கும் நேரத்தில் எப்போதும் யாராவது ஒருவர் வேலையில் இருப்பார். தொலைபேசியை எடுப்பவர், வாசலில் நிற்பவர், இரவுப் பணிக்கு வருபவர், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் என்று அந்தப் பட்டியல் நீளும். உங்கள் வரிகளில் ஒன்றை அவர்களில் ஒருவருக்கு வையுங்கள்.

பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மையில் இதில்தான் மனக்கசப்பு வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படத்தில் பதினோரு பேர் இருக்கும்போது மூவரின் பெயரை மட்டும் எழுதினால் மீதி எட்டுப் பேரும் தங்கள் பெயரைத் தேடுவார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் தேடுவார்கள். பதினோரு பெயரையும் எழுதினால் அது வருகைப் பதிவேடு போல ஆகிவிடும், யாரும் படிக்கமாட்டார்கள். மேலே உள்ள குறிப்பு இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. வரிகளில் செயல்கள் மட்டும் இருக்கட்டும். பெயர்களைப் படத்தின் மேலேயே இணைத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவில் 20 பேர் வரை அப்படி இணைக்க முடியும். படத்தில் இருக்கும் எல்லோரையும் இணையுங்கள், இல்லையென்றால் ஒருவரையும் இணைக்க வேண்டாம். பாதிப் பேரை இணைப்பது பெயரை விட்டுவிடுவதைவிட மோசமாகப் படும்.

இணைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சிலர் தங்கள் தனிப்பட்ட கணக்கை அலுவலகத்தாருக்குத் தெரியாமல் வைத்திருப்பார்கள். சிலர் அப்போதுதான் வேறிடத்தில் நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், விலகிப் போகிற ஒருவரின் பதிவில் தங்கள் பெயர் மேலே தெரிவதை விரும்பமாட்டார்கள். படம் எடுத்து முடித்ததுமே "இதை வெளியே போடப்போகிறேன், யாருக்காவது வேண்டாமா?" என்று அங்கேயே கேட்டால் சங்கடமில்லாமல் முடிந்துவிடும்.

மிக நெருக்கமான மூன்று நான்கு பேருக்கு இந்தப் பொதுவரிகள் போதாது, போதவும் கூடாது. அவர்களுக்குத் தனித்தனியே எழுதுங்கள். பதிவைப் போடுவதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். உங்களோடு பத்தாண்டு ஒரே மேசையில் சாப்பிட்டவர், நீங்கள் போவதன் பொருளை மற்ற எல்லோரோடும் சேர்த்துத் திரையில் படிக்கும்படி விடக்கூடாது.

அழைக்கும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். அலுவலகத்தில் எப்படி அழைத்தீர்களோ அப்படியே எழுதுங்கள். அக்கா என்று அழைத்தவரை 'திருமதி' ஆக்க வேண்டியதில்லை, சார் என்று அழைத்தவரைத் திடீரென்று பெயர் சொல்லி எழுதவும் வேண்டாம். ஆனால் வினைமுற்றில் எல்லோருக்கும் ஒரே மரியாதை இருக்கட்டும். மேலாளர் 'சொன்னார்', உங்கள் நெருங்கிய நண்பன் 'சொன்னான்', உதவியாளர் 'கொண்டுவந்தான்' என்று ஒரே குறிப்பில் கலந்து வந்தால், நெருக்கத்தால் வந்த 'ன்' எது, பதவியைப் பார்த்து வந்த 'ன்' எது என்று வெளியாளுக்குப் பிரித்துத் தெரியாது. நண்பன் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டான். உதவியாளர் மனம் நோகும்.

இனி முதல் வரி. இன்ஸ்டாகிராம் குறிப்பில் 2,200 எழுத்துகளுக்கு இடமிருக்கிறது, லிங்க்ட்இன் பதிவில் 3,000. ஆனால் திரையில் விரியாமல் தெரிவது முதல் ஓரிரு வரிகள்தான். மீதியைப் படிக்க விரலால் தொட வேண்டும். 'கனத்த இதயத்துடன்' என்று தொடங்கினால் தெரிவது அதுமட்டும்தான். ஆகவே முதல் வரியிலேயே செய்தியைச் சொல்லிவிடுங்கள்: இன்று கடைசி நாள், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டுகள். அதற்கு அடுத்த வரியிலேயே முதல் செயல் தொடங்கிவிட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் எழுத்து வேறு. 'நன்றி' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என்று ஐந்து. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். அதனால் 280 என்று வரம்பு வைத்திருக்கும் எக்ஸ் தளத்தில் தமிழில் முப்பது சொல் அளவுக்கே இடம் கிடைக்கும். அங்கே ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அடைக்கப் பார்த்தால் மூன்றும் சுருங்கிப் பொதுச்சொற்களாகிவிடும். இன்ஸ்டாகிராமில் அந்தக் கவலை இல்லை. மேலே காட்டிய குறிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எழுதினாலும் வரம்புக்குள் அடங்கும். ஆனால் அவ்வளவு எழுத வேண்டாம். நூறு சொல்லுக்கு முன்பின் இருந்தால் நின்று படிப்பார்கள்.

எதை விடவேண்டும் என்பது எதை எழுதவேண்டும் என்பதைவிட எளிது. ஏன் விலகுகிறீர்கள் என்பதை விடுங்கள். காரணம் நல்லதாக இருந்தாலும் இங்கே இருக்கிறவர்களுக்கு அது ஒரு ஒப்பீடாகத்தான் கேட்கும். மறைமுகமான குத்தலை விடுங்கள். 'எத்தனையோ சோதனைகளைத் தாண்டி', 'யார் உண்மையானவர்கள் என்று காலம் காட்டியது' போன்ற வரிகள் எழுதுகிறவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அது தங்களைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், நீங்கள் நினைத்தவர் மட்டும் நினைக்கமாட்டார். அடுத்த நிறுவனத்தின் பெயரையும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தனிப்பதிவாகப் போடுங்கள். விடைபெறும் பதிவில் புது இடத்தின் பெயர் வந்தால் பின்னூட்டம் முழுக்க வாழ்த்தாக மாறிவிடும். நீங்கள் சொன்ன கிடங்கு அண்ணனை யாரும் பேசமாட்டார்கள்.

மேலாளரோடு உங்களுக்கு ஒத்துப்போகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவரைப் புகழ்ந்து பொய்யாக ஒரு வரி எழுதாதீர்கள். உடன் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும், அந்த ஒரு வரியால் மற்ற வரிகளின் மீதும் நம்பிக்கை போய்விடும். அவர் செய்த வேலையில் நீங்கள் உண்மையாக மதித்த ஒன்று இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் அவரைப் பற்றி எழுதாமல் விடுங்கள். செயல்களை வைத்து எழுதும் முறையில் இது உறுத்தாது. பதவி வரிசைப்படி நன்றி சொல்லும் குறிப்பில்தான் ஒருவர் விடுபட்டால் பளிச்சென்று தெரியும்.

உங்களைப் பணியிலிருந்து விலக்கியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 'இன்று என் கடைசி நாள்' என்ற வரியே போதும், அது முழு உண்மை. விலகும்போது கையெழுத்திட்ட தாளில் நிறுவனத்தைக் குறைத்துப் பேசக்கூடாது என்ற நிபந்தனை சில வேளைகளில் இருக்கும். எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். அதே நாளில் வேறு சிலரும் அனுப்பப்பட்டிருந்தால், அவர்கள் இன்னும் வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் அவர்கள் இருக்கும் படத்தைப் போடாதீர்கள்.

வாடிக்கையாளர்கள் பார்க்கக்கூடிய கணக்கில் பதிவிடுகிறவர்கள் 'எல்லோரும் என்னோடு தொடர்பில் இருங்கள்' என்று பொதுவாக அழைப்பு விடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. விலகிய பிறகு குறிப்பிட்ட காலம் வாடிக்கையாளர்களையும் ஊழியர்களையும் தன் பக்கம் இழுக்கக்கூடாது என்று பணி ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருப்பதுண்டு. வெள்ளை மனதோடு எழுதிய வரியையும் அதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க இடம் கொடுப்பானேன்? 'என் கைபேசி எண் மாறவில்லை' என்பது எனக்கு மிகவும் பிடித்த முடிவு வரி. எண் தெரிந்தவர்களுக்கு அது அழைப்பு, தெரியாதவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது. எண்ணையே பொதுவில் எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வரிகளைப் பார்த்த அளவுக்குப் படத்தையும் பாருங்கள். கைபேசியில் பெரிதாக்கி, முகங்களை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை படியுங்கள். வெள்ளைப் பலகையில் அடுத்த காலாண்டின் திட்டம் இருக்கும். திரையில் ஒரு வாடிக்கையாளரின் பெயர் இருக்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஊழியர் எண்ணும் பட்டைக்கோடும் தெளிவாகத் தெரியும். நீங்கள் போய்விடுவீர்கள், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அட்டையை மாட்டியிருக்கும் நண்பர். வெற்றுச் சுவருக்கு முன்னாலோ வாசலிலோ அட்டைகளைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொள்வது இதைவிட எளிது. தனியாக நிற்கும் உங்கள் படத்தின் மேல் சேர்ந்த ஆண்டையும் விலகும் ஆண்டையும் கோடு போட்டு எழுதும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பெயர், சிரித்த முகம், இரண்டு ஆண்டுகள் என்று பார்த்ததும் தூரத்து உறவினர் ஒருவர் பதறிப்போய் வீட்டுக்கு அழைப்பார்.

எப்போது பதிவிடுவது? ஒப்படைக்க வேண்டிய பொருள்களை எல்லாம் ஒப்படைத்து, நேரில் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி முடித்த பிறகு, மாலையில். காலையிலேயே போட்டுவிட்டால் அன்று முழுவதும் பின்னூட்டங்களுக்குப் பதில் எழுதுவதிலேயே போய்விடும், எதிரில் இருப்பவர்களோடு பேச நேரமிருக்காது. நீங்கள் விலகுவது இன்னும் சொல்லப்படாத வாடிக்கையாளரோ, வேறு கிளையில் இருக்கும் சகாவோ உண்டா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் முதன்முதலில் அறிவது உங்கள் பதிவிலிருந்தாக இருக்கக்கூடாது. அலுவலகக் கைபேசியிலிருந்தும் பதிவிட வேண்டாம், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

பதிவிடுவதற்கு முன் வரிகளை ஒருவரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். அவர் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை, அந்த நாள்களில் உங்களோடு இருந்தவராக இருந்தால் போதும். நினைவு நம்மை ஏமாற்றும். 9-ஆல் வகுக்கச் சொன்னவர் இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறார் என்றுதான் அந்தப் பெண்மணி முதலில் எழுதியிருந்தார். வாசித்துக் கேட்ட தோழிதான் படத்தைப் பார்த்துத் திருத்தினார். இல்லையென்றால் பதினான்கு ஆண்டு நன்றி பக்கத்தில் நின்றவருக்குப் போயிருக்கும்.